கால் ஆறு, தொண்டை ஆறு

எங்கள் பட்டறையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கேஜ்காரர் என்றால்தான் தெரியும். பேனா இருக்க வேண்டிய சட்டைப் பையில் வெல்டிங்கை அளக்கும் கேஜ் தகடு ஒன்றை வைத்திருப்பார். அந்த மனிதரை நம்பி ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போக முடியாது. ஒரு தடவை எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருக்க, இவர் மண்டபத்து மாடிப்படியின் கைப்பிடியைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "யாருப்பா இதைப் பத்த வச்சது? வாந்தி எடுத்த மாதிரி இருக்கு" என்று கேட்டார். பந்தியில் பாதிப் பேர் கையை எடுத்துவிட்டார்கள்.

அவர் வேலை பரிசோதனை. வெல்டர் பற்றவைத்து முடித்ததும் இவர் வந்து அளப்பார். சரியாக இருந்தால் தன் இரும்பு முத்திரையை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. பதினேழு என்று இரும்பில் பதியும். அது அவர் எண். பதினேழு விழுந்த இரும்பை அப்புறம் யாரும் கேள்வி கேட்டதில்லை. முதலாளியின் மச்சான் பற்றவைத்த கேட்டையே மூன்று முறை திருப்பி அனுப்பியவர்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கச்சியோடு இரண்டு அறை வீட்டில் இருந்தார். தங்கச்சிக்கு மாவு மில்லில் மூட்டை தைக்கிற வேலை. அந்த மில்லுக்குத்தான் நாங்கள் ஆறு பெரிய தொட்டிகளைத் தொங்கவிடும் இரும்பு செய்து கொடுத்தோம். என் வயிற்றெரிச்சல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நான் பட்டறையில் வரைபடம் போடுகிறவள். வெளியிலிருந்து வரும் வரைபடத்தை எங்கள் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி எங்கள் தாளில் திருப்பி வரைவேன். மில்லின் தொட்டி ஒவ்வொன்றும் நாலு தகட்டில் தொங்கும். ஒவ்வொரு தகடும் மேலே உத்தரத்தின் பக்கவாட்டில் ஒட்டினாற்போல் நிற்கும். தகட்டின் இரண்டு ஓரத்திலும் செங்குத்தாக நூறு மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு வெல்டிங். தொட்டியின் எடை தகட்டை நேர் கீழே இழுக்கும், அதாவது வெல்டிங்கின் நீளவாக்கிலேயே இழுக்கும். ஒரு தகட்டுக்குப் பதினோரு டன்.

வந்த வரைபடத்தில் அந்த வெல்டிங்குக்குப் பக்கத்தில் a6 என்று போட்டிருந்தது. எழுத்து இத்தனூண்டு. ஏதோ தையலுக்கு (வெல்டிங் வரியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) வைத்த அடையாளம் என்று நினைத்து எழுத்தை விட்டுவிட்டு ஆறை மட்டும் எழுதினேன். a இருந்தால் b எங்கே என்றுகூடக் கேட்கத் தோன்றாத மண்டை எனக்கு! தாள் மில்லுக்குப் போனது. மில் மேனேஜர் திருப்பிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். வெல்டர் ஆறு மில்லிமீட்டர் வைத்தார். கேஜ்காரர் ஆறு அளந்தார். இருபத்து நாலு தகட்டிலும் பதினேழு விழுந்தது.

ஏழு மாதம் கழித்து அதே மில் இன்னும் இரண்டு தொட்டி கேட்டது. பெயின்ட் எத்தனை பூச்சு என்று பார்க்க, கேஜ்காரர் மூல வரைபடத்தை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி என் மேஜைக்கு வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏம்மா, இந்த ஆறுக்கு முன்னாடி ஒரு எழுத்து இருக்கே. அது உன் தாள்ல எங்க போச்சு?"

"அது அடையாளம்தானே சார்?"

அவர் உட்கார்ந்தார். என் பென்சிலை எடுத்து ஒரு முக்கோணம் போட்டார். மூலையில் வைக்கிற வெல்டிங்கைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் முக்கோணமாக இருக்கும். இரண்டு இரும்பின் மேலும் அது படிந்திருக்கிற நீளத்துக்குக் கால் என்று பெயர். உள்மூலையிலிருந்து சாய்ந்த முகத்துக்குக் குறுக்குவழியாக ஒரு கோடு இழுத்தால் அது தொண்டை. வெல்டிங்கிலேயே ஒடுங்கிய இடம் அதுதான்.

"நீளவாக்குல இழுக்கறப்போ அறுந்தா இந்தத் தொண்டையோடதான் அறும். நம்ம பட்டறையில ஆறுன்னா கால் ஆறு. அவங்க முன்னாடி a போட்டா தொண்டை ஆறு. தொண்டை ஆறு வேணும்னா கால் எட்டரை வைக்கணும்மா."

"நாம வச்சது?"

"கால் ஆறு. தொண்டை நாலேகால்கூட முழுசா இல்ல."

கணக்கை என் கண் முன்னாடியே போட்டார். இரண்டு தையல், மொத்தம் இருநூறு மில்லிமீட்டர். தொண்டை ஆறாக இருந்தால் ஆயிரத்து இருநூறு சதுர மில்லிமீட்டர் சுமையைத் தாங்கும். நாங்கள் வைத்தது எண்ணூற்று நாற்பத்தெட்டு. பதினோரு டன் என்றால் ஏறக்குறைய ஒரு லட்சத்துப் பத்தாயிரம் நியூட்டன். சதுர மில்லிமீட்டருக்கு நூறு நியூட்டனைத் தாண்டக்கூடாது என்று மூல வரைபடத்தின் ஓரத்திலேயே எழுதியிருந்தது. தொண்ணூற்றிரண்டு வர வேண்டிய இடத்தில் நூற்றி முப்பது வந்தது.

"உடனே விழுந்துடுமா சார்?" என்று கேட்டேன்.

"விழாது. அறுக்கறதுக்கு இதுல ரெண்டு மடங்குக்கு மேல வேணும். அதான் வினையே! இன்னைக்கு நிக்கும், நாளைக்கும் நிக்கும். ஆனா அந்தத் தொட்டி ஒரு நாளைக்கு எத்தனை தடவை நிரம்பிக் காலியாகுது? ஒரு கம்பியை மடக்கி மடக்கி நிமித்தினா என்னைக்கு ஒடியும்னு சொல்ல முடியுமா?" பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "என் தங்கச்சி மூணாம் தொட்டிக்குக் கீழதாம்மா உக்காந்திருக்கா" என்றார்.

ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டவே இல்லை. அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

முதலாளியிடம் இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். தப்பு என்னுடையது, எழுத்தை விட்டவள் நான் என்று சொன்னேன். "எழுத்தை விடு. முத்திரை யாருது?" என்றார் முதலாளி. பிறகு என் தாளில் மேனேஜர் போட்ட கையெழுத்தைத் தொட்டுக் காட்டினார். "அவங்க ஒத்துக்கிட்ட வரைபடம் இது. இதுல ஆறுன்னு இருக்கு, நாம ஆறு வச்சிருக்கோம். தொங்கறதைத் தொந்தரவு பண்ணாதீங்க."

கேஜ்காரர் மில்லுக்கே போனார். அவர் ஒன்றும் மலையைப் பெயர்க்கச் சொல்லவில்லை. தொட்டியைக் காலி செய்து, பெயின்டைச் சுரண்டி, ஏற்கெனவே இருக்கிற தையல் மேல் இன்னும் ஒன்றிரண்டு வரிசை ஓட்டினால் கால் எட்டரைக்கு வந்துவிடும். ஒரு தொட்டிக்கு ஒரு பகல் போதும். அதுவரைக்கும் தொட்டியை எழுபது சதவீதத்துக்கு மேல் நிரப்பாதீர்கள், அழுத்தம் தானாக நூறுக்குக் கீழே இறங்கிவிடும் என்றார்.

மேனேஜர் கேட்டார்: "நல்லா இருக்குன்னு முத்திரை குத்தினது நீங்கதானே?"

"நான்தான்."

"அப்ப அது பொய்யா?"

சொல்லுங்கள், இதற்கு ஒரு மனுஷன் என்ன பதில் சொல்வான்? அவர், "பொய் இல்ல சார், தப்பு" என்று சொன்னார். அப்படியானால் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்தார். இருபத்து நாலு தகட்டையும் தவறான அளவோடு ஒப்பிட்டுத் தேர்ச்சி கொடுத்தேன் என்று, பரிசோதகர்களுக்கு எண்ணும் முத்திரையும் கொடுக்கிற அலுவலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்பினார். வேண்டாம் சார் என்று நான் கெஞ்சினேன். "இதை எழுதினாத்தானம்மா தொட்டியைக் காலி பண்ணுவாங்க" என்றார்.

அலுவலகம் வேறொரு பரிசோதகரை அனுப்பியது. மில்லில் அவர் கையில் கொடுத்தது என் தாள், மேனேஜர் கையெழுத்துப் போட்ட அதே தாள். அவர் ஏணியில் ஏறி அளந்தார். கால் ஆறு. தாளிலும் ஆறு. சரி என்று எழுதிவிட்டு இறங்கினார். மூல வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடினேன். "ஒப்புதல் ஆன வரைபடத்தைத்தாம்மா நான் பாக்க முடியும்" என்றார். கெட்டவர் இல்லை. என்ன செய்ய, என் கையெழுத்தில் இருந்த அந்த ஆறு என்னையே வாயடைக்க வைத்தது.

அடுத்த மாதம் இரண்டு கடிதம் வந்தது. ஒன்று அலுவலகத்திலிருந்து: தவறாகத் தேர்ச்சி கொடுத்ததாகத் தாங்களே ஒப்புக்கொண்டதால் பதினேழாம் எண் ரத்து. இன்னொன்று மில்லிலிருந்து: செல்லுபடியாகும் முத்திரை இல்லாதவரின் அறிக்கையை ஏற்க இயலாது, தகடுகளின் மேலுள்ள முத்திரை, பதித்த நாளில் செல்லுபடியாகும் முத்திரையே. நான் இரண்டையும் மாறி மாறிப் படித்தேன். தொட்டியைத் தாங்க அவர் முத்திரை செல்லும், காலி செய்யச் சொல்ல அவர் வாய் செல்லாது. அடப்பாவிகளா என்று கத்திவிட்டேன். பட்டறையே திரும்பிப் பார்த்தது.

கேஜ்காரர் முத்திரையை ஒரு துணியில் சுற்றி அலுவலகத்துக்குக் கொடுத்து அனுப்பினார். முதலாளி அவரைச் சரக்கறைக்கு மாற்றினார். போல்ட் எண்ணி எடுத்துக் கொடுக்கிற வேலை. சட்டைப் பையில் கேஜ் தகடு மட்டும் அப்படியே இருந்தது.

தங்கச்சியிடம் வேலையை விட்டுவிடு என்று தலைபாடாக அடித்துக்கொண்டார். அவள் கேட்கவில்லை. "நான் வந்துட்டா அந்த இடத்துல இன்னொருத்தி உக்காரப் போறா. அவளுக்கு என்ன சொல்லுவே அண்ணா?" என்றாளாம்.

கடைசியாக ஒரு நாள், "மில்லுப் பொண்ணுங்ககிட்டயே நேராச் சொல்லிடறேன், நீயும் வாம்மா" என்று என்னைக் கூப்பிட்டார். மதியம் சாப்பாட்டு நேரத்தில் போனோம். தலைக்கு மேலே ஆறு தொட்டியும் நிரம்பித் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே முப்பது பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இவரைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்து நகர்ந்து இடம் விட்டார்கள். யாரோ டீ கொண்டு வந்தார்கள்.

அவர் சொன்னார். கால், தொண்டை, நூற்றி முப்பது எல்லாவற்றையும் கையால் முக்கோணம் காட்டிக் காட்டிச் சொன்னார். அவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். முடிந்ததும் வயதில் மூத்த ஒருத்தி சிரித்தாள்.

"நீங்க பயப்படாதீங்க அண்ணே. முதல்ல எங்களுக்கும் பயமாத்தான் இருந்துச்சு, இவ்வளவு பெரிசு தலைக்கு மேல தொங்குதேன்னு. உங்க தங்கச்சிதான் ஏணியில கூட்டிட்டுப் போய்க் காட்டினா. எங்க அண்ணன் நம்பர் இது, இது விழுந்த இரும்பு விழாதுன்னா. அன்னையிலருந்து நாங்க நிம்மதியா இருக்கோம்."

அவர் தங்கச்சியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் அண்ணாந்து பார்த்தேன். மில் முழுக்க மாவு படிந்து எல்லா இரும்பும் வெளுத்துக் கிடந்தது. மூணாம் தொட்டியின் தகட்டில் மட்டும் ஒரு உள்ளங்கை அகலத்துக்குத் துடைத்திருந்தது. அங்கே பதினேழு பளிச்சென்று தெரிந்தது.

"வாரா வாரம் நாங்கதான் முறை வச்சுத் தொடைக்கிறோம்" என்றாள் அந்தப் பெண்.

சாப்பாட்டு நேரம் முடிந்த மணி அடித்தது. அவர்கள் பாத்திரங்களை மூடி வைத்துவிட்டுத் தொட்டிகளுக்குக் கீழே அவரவர் இடத்தில் போய் உட்கார்ந்தார்கள். கேஜ்காரர் கையில் டீ அப்படியே ஆறிப்போயிருந்தது.