முடியாத மணி

மருதமுத்து தம் முப்பத்தாறு வருடப் பணியில் இருபத்தெட்டுப் பேருக்கு வழியனுப்பு விழா நடத்தி வைத்தவர். நாற்காலி போட்டது, மாலை வாங்கி வந்தது, பொன்னாடையைத் தட்டில் மடித்து நீட்டியது, குழுப்படத்துக்கு ஆட்களை உயரப்படி நிறுத்தியது எல்லாம் அவர்தான். மேடையில் யார் என்ன பேசுவார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். ஆளே மாறினாலும் பேச்சு மாறாது. சிடுசிடுப்புக்குப் பேர்போன வரலாற்று ஆசிரியரைக்கூட "பழகுவதற்கு இனியவர்" என்றார்கள்.

தன் முறை வந்தபோது, செம்பியக்குடி அரசு மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியை விக்டோரியா அம்மாவிடம் போய் நின்றார்.

"அம்மா, எனக்கு மேடை வேண்டாங்கம்மா. காலையில பிரேயர்ல ஒரு புள்ள, ஒரு சாரு, ரெண்டு வார்த்த பேசுனா போதும். உள்ளதச் சொன்னாப் போதும்."

அம்மா சரி என்றார். பிள்ளைகள் தரப்பில் எட்டாம் வகுப்பு அபிநிலா பேசுவதென்றும், ஆசிரியர்கள் தரப்பில் கணக்கு ஆசிரியர் பாரிவள்ளல் பேசுவதென்றும் முடிவாயிற்று. பாரிவள்ளலின் பெயரைக் கேட்டதும் மருதமுத்துவுக்குச் சுருக்கென்றது. காரணம் இருந்தது.

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கல் உடைத்துக்கொண்டிருந்த மருதமுத்து, இருபத்து நாலாவது வயதில் பகுதிநேரத் துப்புரவாளராக இந்தப் பள்ளிக்குள் நுழைந்தார். எட்டாம் வகுப்புப் படிப்பு இருந்ததால் சில வருடங்களில் அலுவலக உதவியாளரானார். சுற்றறிக்கையை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குவார். கல்வி அலுவலகத்துக்குத் தபால் கொண்டுபோவார். தேர்வு நாளில் விடைத்தாள் கட்டுகளைத் துணியில் தைத்து அரக்கு வைப்பார். மாற்றுச் சான்றிதழ் வாங்க வரும் எழுத்தறியாத பெற்றோரை மரத்தடிக்கு அழைத்துப் போய், பிறந்த தேதியையும் பெயரையும் வாசித்துக் காட்டி, "சரியா இருக்கா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்று கேட்ட பிறகுதான் வெளியே விடுவார். யாரும் அவரைச் செய்யச் சொன்ன வேலையல்ல அது.

எல்லாவற்றுக்கும் மேலாக மணி. வராந்தாவில் தொங்கும் தண்டவாளத் துண்டை அவர்தான் அடிப்பார். காலை வழிபாட்டு மணி ஒன்பது இருபதுக்கு. கீழப்பாளூர்ப் பிள்ளைகள் முப்பத்தொரு பேரை ஏற்றி வரும் பேருந்தோ ஒன்பது இருபத்திரண்டுக்குத்தான் முக்கில் திரும்பும். அதற்கு முந்திய வண்டி விடியற்காலையில். அதனால் சாலையில் புழுதி எழும்பும் வரை மருதமுத்துவின் சுத்தியல் எழும்பாது.

இரண்டு வருடத்துக்கு முன் புதிதாக வந்த பாரிவள்ளல், மணி தினமும் தாமதமாகிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அப்போதிருந்த தலைமையாசிரியர் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார். காரணத்தைச் சொன்னால், அந்த அதிகாரத்தை உனக்கு யார் கொடுத்தது என்ற கேள்வி வரும் என்று மருதமுத்துவுக்குத் தெரியும். இனி நேரத்துக்கு அடிப்பேன் என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சொன்ன சொல்லையும் காப்பாற்றினார். மறுநாளிலிருந்து மணி சரியாக ஒன்பது இருபதுக்குத் தொடங்கியது. முடிவதுதான் நீண்டுகொண்டே போயிற்று. மணி ஓய்ந்த பிறகு வருகிறவர்தானே தாமதம்?

ஜூலை மாதக் கடைசி நாள். வெளுத்த சட்டையோடு வந்து, ஒன்பது இருபதுக்குச் சுத்தியலை எடுத்தார். மைதானத்தில் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். மூன்று நிமிடம் ஆயிற்று. ஐந்தாயிற்று. முக்கில் சிமெண்ட் லாரிகள்தான் திரும்பின. பேருந்தைக் காணோம்.

அவர் அடியை இடைவெளி விட்டு மெதுவாக்கினார். உடற்பயிற்சி ஆசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிடம். தோள்பட்டை கடுத்தது. கடைசி நாளிலும் ஒரு மெமோவா என்று நினைத்தபோதே விக்டோரியா அம்மா வராந்தாவுக்கு வந்துவிட்டார். கையில் கைபேசி.

"பஸ் ஏரிக்கரைகிட்ட டயர் வெடிச்சு நின்னுடுச்சாம். யாருக்கும் ஒண்ணுமில்ல. புள்ளைங்க இறங்கி நடந்து வருதுங்க. நடத்துநரும் கூடவே வர்றாரு."

மருதமுத்து சுத்தியலைத் தாழ்த்தினார்.

"நிறுத்தாதீங்க" என்றார் அம்மா.

அவருக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகம். அம்மா படியிறங்கிப் போய்ப் பிள்ளைகளுக்கு முன்னால் வெயிலிலேயே நின்றுகொண்டார். அறுநூறு பிள்ளைகளும் அசையவில்லை. டங்… டங்… ஓசை மட்டும் ஓட்டுக் கூரைகளைத் தாண்டிப் போனது. பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. பாரிவள்ளல்.

"குடுங்கண்ணே. நான் கொஞ்சம் அடிக்கிறேன்."

மருதமுத்து தயங்கிக் கொடுத்தார். "மெதுவா அடிங்க சார். வேகமா அடிச்சா முடியப்போகுதுன்னு நெனச்சுப் புள்ளைங்க ஓடி வரும்."

மாற்றி மாற்றி அடித்தார்கள். ஒன்பது ஐம்பதுக்கு முக்கில் நீலமும் வெள்ளையுமாக ஒரு வரிசை தெரிந்தது. இருவர் இருவராக, நடுச்சாலைக்கு வராமல், செருப்பெல்லாம் சுண்ணாம்புப் புழுதியோடு வந்தார்கள். கடைசிப் பிள்ளை வாசலைத் தாண்டியதும் மருதமுத்து ஓர் அடி அடித்து நிறுத்தினார். அந்த அமைதியில் கொடிக்கயிறு கம்பத்தில் மோதும் சத்தம் கேட்டது.

அபிநிலாவும் அந்த வரிசையில்தான். மூச்சு வாங்க வந்து நின்றாள். எழுதிய தாளை வழியில் தொலைத்துவிட்டதாகச் சொன்னாள்.

"ஏரிக்கரையிலயே மணிச்சத்தம் கேட்டுச்சு. கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அதான் நாங்க ஓடல. நடந்தே வந்தோம். ஐயா இருக்காங்கன்னு தெரியும். எங்க ஊருப் புள்ளைங்க யாரு பேரும் இதுவரைக்கும் லேட் நோட்டுல வந்ததில்ல. நன்றிங்க ஐயா."

அடுத்துப் பாரிவள்ளல். மெமோ தன்னால் வந்தது என்பதை எல்லார் முன்னாலும் சொன்னார். ஒருநாளும் அண்ணன் முகம் கோணவில்லை என்றார். "நான் கடிகாரத்தப் பாத்தேன். அவரு ரோட்டப் பாத்தாரு. நான் அவர்கிட்டக் கத்துக்கிட்டேன்." அவ்வளவுதான். கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்.

மருதமுத்துவைப் பேசச் சொன்னார்கள். இருபத்தெட்டு விழாவின் சொற்களில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. "நல்லாப் படிங்க. நடந்து வந்த புள்ளைங்களுக்கு மொதல்ல தண்ணி குடுங்க" என்றார்.

பிற்பகலில் பணிவிடுவிப்பு ஆணையில் கையெழுத்திட்டார். வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே அம்மா சிவப்பு மையில் 'பணி நிறைவு' என்று எழுதினார். அவர் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. அதனால் இருபத்து மூன்று சாவிகளையும் அம்மாவிடமே, எந்தப் பூட்டை எப்படி அசைத்தால் திறக்கும் என்று சொல்லிச் சொல்லி ஒப்படைத்தார்.

வீடு இரண்டு தெரு தள்ளி. காரெல்லாம் வேண்டாமென்று சொல்லிவிட்டார். ஆசிரியர்கள் எல்லாரும் உடன் நடந்தார்கள். வாசலைத் தாண்டியதும் மருதமுத்து பழக்கத்தில் இரண்டடி பின்தங்கினார். எந்தத் தலைமையாசிரியருக்கும் முன்னால் அவர் நடந்ததில்லை. விக்டோரியா அம்மாவும் நின்றார். அவர் இன்னும் பின்வாங்க, அம்மாவும் பின்வாங்கினார். தெருவே பார்த்தது.

"முன்னாடி போங்கண்ணே. உங்க வீட்டுக்கு எங்களுக்கு வழி தெரியாதுல்ல" என்றார் அம்மா.

கால் கூசியது. ஆனாலும் நடந்தார். பின்னால் முப்பது பேரின் காலடி ஓசை, அவர் வேகத்துக்கே வந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்க்க அவருக்குத் துணிவில்லை.