கவிட்டு வைத்த முதற்சீட்டு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். வேலணையில் பஸ் பத்து நிமிடம் பிந்தினால் போதும், ஊர்காவற்றுறையில் இறங்கும்வரை மனதுக்குள் சாரதியைத் திட்டிக்கொண்டு வருவேன். என்னிடம் இணைந்த கணிதம் படிப்பது அந்தப் பிள்ளைகளின் தலைவிதி என்று என்ரை மனிசன் சொல்லுவார். முழுப்பொய் என்று சொல்ல மாட்டேன்.

அந்த வருடம் உயர்தரக் கணிதப் பிரிவில் ஐந்தே ஐந்து பிள்ளைகள். அதில் ஒருத்தி நயினாதீவிலிருந்து படகும் பஸ்ஸும் மாறி வருகிறவள். வகையீடு, தொகையீடு எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. நிபந்தனை நிகழ்தகவில்தான் வந்து இடறினாள்.

கேள்வி சின்னது. சீட்டுக்கட்டிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சீட்டு எடுக்கிறோம். எடுத்ததைத் திருப்பி வைப்பதில்லை. முதற்சீட்டு ஆசு, அதாவது ஏஸ், என்று தெரிந்தால், இரண்டாவதும் ஆசாக இருக்க நிகழ்தகவு என்ன? ஐம்பத்திரண்டில் நாலு ஆசு; ஒன்று போய்விட்டது; மிச்சம் ஐம்பத்தொன்றில் மூன்று. இதை அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். அதையே திருப்பிக் கேட்டால்தான் வில்லங்கம். இரண்டாவது சீட்டு ஆசு என்று தெரிகிறது. முதலாவது ஆசாக இருந்திருக்க நிகழ்தகவு என்ன?

"ஐம்பத்திரண்டிலை நாலு, ரீச்சர்."

"இல்லை. அதுவும் ஐம்பத்தொண்டிலை மூண்டுதான்."

"அதெப்பிடி ரீச்சர்? முதலாவதை எடுக்கேக்கை ரெண்டாவது இன்னும் வரேல்லையே. பிறகு வாறது முந்தி வந்ததை எப்பிடி மாத்தும்?"

சூத்திரத்தைப் போட்டுக் காட்டினேன். இரண்டும் ஆசாக வரும் நிகழ்தகவை, இரண்டாவது ஆசாக வரும் நிகழ்தகவால் பிரி என்றேன். அழகாகக் கொப்பியில் எழுதினாள். அடுத்த கணக்கில் திரும்பவும் அதே பிழை. மூன்று நாள் அரைத்த மாவையே அரைத்தோம். நாலாம் நாள் எனக்கு விசர் வந்துவிட்டது. எப்போதும் நீர், வாரும் என்று பேசுகிற வாயிலிருந்து "நீ" வந்தது.

"உனக்கு இது சரிவராது, விடு!"

மற்ற நாலு பேரும் மேசையைப் பார்த்தார்கள். அவள் அழவில்லை. பேனையை மூடி வைத்தாள். அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் கேட்டது மொக்குக் கேள்வி இல்லை என்று எனக்குத் தெரியும். நியாயமான கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல் சத்தம் போட்டவள் நான். காலையில் அலுமாரிக்குள் கிடந்த மனிசனின் சீட்டுக்கட்டைத் தூக்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன். கண்முன்னால் எடுத்துக் காட்டினால் விளங்கும் என்று ஒரு நப்பாசை.

அவளோ எனக்கு முதலே ஆசிரியர் அறை வாசலில் நின்றாள். கையில் ஒரு படிவம். கணிதப் பிரிவிலிருந்து கலைப் பிரிவுக்கு மாறுவதற்கான விண்ணப்பம். தகப்பனின் கையெழுத்தும் விழுந்தாயிற்று.

"நீங்கள் சைன் வைச்சால் சரி, ரீச்சர். இண்டைக்குள்ளை ஒபிஸிலை குடுக்க வேணுமாம்."

ஐயோ கடவுளே, என் வாய் செய்த வேலை! அவள் இஞ்சினியராக வரவேண்டும் என்று ஆசைப்படுவது வகுப்புக்கே தெரியும்.

"வைக்கிறன். அதுக்கு முதல் ஒரு பத்து நிமிசம் இதிலை இரும்," என்று கதிரையைக் காட்டினேன். படிவத்தை மேசையில் வைத்துவிட்டுக் கட்டை அவளிடம் நீட்டினேன். "குலைச்சுத் தாரும். ஐம்பத்திரண்டு காட்ஸ்."

வாங்கியவள் விரலால் ஒருதரம் தடவிப் பார்த்தாள்.

"இதிலை ஐம்பத்திரண்டு இல்லை, ரீச்சர். முப்பத்திரண்டுதான். ரெண்டிலையிருந்து ஆறு வரைக்கும் இல்லை. இது முந்நூற்றிநாலு அடிக்கிற கட்டு."

எண்ணிப் பார்த்தேன். முப்பத்திரண்டேதான். எங்கள் பக்கத்து ஆம்பிளைகள் கூடினால் விளையாடுகிற ஆட்டம் முந்நூற்றிநாலு. நாலு பேர், நாலு நாலாக இரண்டு தரம் பகிர்ந்து ஆளுக்கு எட்டுச் சீட்டு; துரும்பென்று வைத்த இனம் மற்ற இனங்களை வெட்டும். ஐம்பத்திரண்டு என்று ஊருக்கெல்லாம் படிப்பிக்கிற எனக்கு என் வீட்டுக் கட்டில் எத்தனை என்று தெரியவில்லை. சிரிப்பு வந்துவிட்டது.

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

அவள் நெளிந்தாள். "அப்பா, சித்தப்பா, அண்ணை விளையாடுவினம். நாலாவது ஆள் வராட்டி என்னைத்தான் இருத்துவினம்."

"அப்ப துரும்பு எப்பிடி வைப்பினம்?"

"முதல் நாலு காட்ஸைப் பார்த்து ஏலம் மாதிரிக் கேள்வி கேட்டு எடுத்தவர் தன்ரை கையிலை ஒண்டைக் கவிட்டு வைப்பார். என்ன இனம் எண்டு மற்ற ஆக்களுக்குத் தெரியாது."

சொல்லும்போதே அவள் முகம் மாறியது, படிவத்தை மறந்துவிட்டாள். எனக்கும் அப்போதுதான் பொறி தட்டியது.

"சரி. அவர் கவிட்டு வைச்ச பிறகு மிச்ச நாலும் வந்து, உம்மடை கையிலை கிளாவர் இனத்திலை ஆறு காட்ஸ் சேருது. அந்த இனத்திலை இருக்கிறதே எட்டு. துரும்பு கிளாவர் எண்டு நினைப்பீரோ?"

"விசரே ரீச்சர்! அவரிட்டை இருந்தால் ரெண்டுதான் இருக்கும். அதை நம்பி ஆர் துரும்பு வைப்பினம்?"

"உமக்குப் பிறகு வந்த காட்ஸ், முந்தி வைச்ச துரும்பை மாத்தினதோ?"

"இல்லை. அது வைச்சபடியேதான் கிடக்கும். நான் நினைக்கிறதுதான்…"

நிறுத்தினாள். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த மிகப் பயனுள்ள நிமிடம் அது. கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்துப் பார்க்காமல் கவிட்டு வைத்தாள். இன்னொன்றை எடுத்துப் புரட்டினாள். இஸ்கோப்பன் ஏழு. முகத்தைச் சுளித்து, அதைத் தள்ளிவிட்டு, கட்டுக்குள் ஒரு ஆசுச் சீட்டைத் தேடியெடுத்து அதனிடத்தில் வைத்தாள்.

"அந்த ஏழு வரேல்லை, இதுதான் ரெண்டாவதாய் வந்ததெண்டு வைப்பம். இப்ப எனக்குத் தெரியாதது முப்பத்தொரு காட்ஸ். அதுக்குள்ளை ஆசு மூண்டு. கவிட்டது அந்த முப்பத்தொண்டிலை ஏதோ ஒண்டு." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "முப்பத்தொண்டிலை மூண்டு, ரீச்சர்!"

இத்தனை வருடமாக நான் இந்தப் பாடத்தில் முதற்சீட்டைக் கரும்பலகையில் எல்லோருக்கும் முகம் தெரிய வரைந்துவிட்டுத்தான் தொடங்குவேன். பார்த்துவிட்ட சீட்டைப் பற்றி ஊகிக்க என்ன இருக்கிறது? பிழை அவளிடம் இல்லை, என் கையில்தான் இருந்திருக்கிறது.

"நேற்று நான் கத்தினது பிழை, பிள்ளை," என்றேன். பதினைந்து வருட ஆசிரியத் தொழிலில் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தரம். அவள் அதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை.

"ரீச்சர், அந்தக் கடதாசியை ஒருக்கால் தாங்கோ."

விளங்கியும் போகப் போகிறாளோ? படிவத்தை நீட்டினேன். அவள் அதை மறுபுறம் திருப்பி, பேனையை அழுத்தி, கடகடவென்று எழுதத் தொடங்கினாள். தள்ளி வைத்த அந்த இஸ்கோப்பன் ஏழைத் தூக்கிக் காட்டினாள்.

"ரெண்டாவது இந்த ஏழு எண்டால், மிச்ச முப்பத்தொண்டிலை நாலு ஆசும் இருக்கு. முப்பத்தொண்டிலை நாலு. முதலிருந்த முப்பத்திரண்டிலை நாலைவிடக் கொஞ்சம் கூடுது!"

அதை நான் கேட்கவேயில்லை. அவளாகக் கேட்டு அவளாகக் கண்டுபிடித்தாள். எனக்கு நெஞ்சுக்குள் கிடந்த பாறாங்கல் இறங்கியது போல இருந்தது.

மணி அடித்தது. அவள் சீட்டுகளை அடுக்கிக் கட்டை என்னிடம் தந்தாள். படிவத்தைப் பார்த்தாள். பின்பக்கம் முழுக்கக் கணக்கு; மை முன்பக்கத்துக்கும் ஊறி, தகப்பனின் கையெழுத்துக்கு மேலே முப்பத்தொன்று தெரிந்தது.

"இதை இனி ஒபிஸிலை எடுக்கமாட்டினம், என்ன ரீச்சர்?"

"ஏலாது," என்றேன்.

"அப்ப கொப்பிக்குள்ளை வைக்கிறன்," என்று நாலாக மடித்துக்கொண்டு கணித வகுப்புக்கு ஓடினாள்.