ஏழாவது வரியில் பதினோரு டிகிரி

எங்கள் மருந்துக் கிடங்கில் அவளுக்கு 'மன்னிப்பு' என்று பட்டப்பெயர். குளிர் அறை அவள் பொறுப்பு. பக்கத்து மேசையில் உட்கார்ந்த பாவத்துக்கு, ஆறு வருடம் அவள் செய்திகளைப் படித்தவன் நான். ஸ்டேப்ளர் கேட்டால்கூட மூன்று மன்னிப்பு வரும்.

ஒரு நாள் காலை அறை, மருந்து தாங்கும் எல்லையான எட்டு டிகிரியைத் தாண்டிவிட்டது. மாற்று அறையைத் திறக்க மேலாளர் அனுமதி வேண்டும். எழுதினாள்: 'சார், தொந்தரவுக்கு மன்னிக்கவும். வேலையாக இருப்பீர்கள், சாரி. நான் தப்பாகவும் பார்த்திருக்கலாம்...' பதினோரு டிகிரி வந்தது ஏழாவது வரியில். கைபேசித் திரையில் தெரிவது இரண்டே வரி. லீவு கேட்கிறாள் என்று நினைத்து மனிதர் மீட்டிங்கில் மூழ்கிவிட்டார்.

நாலு மணி நேரம் கழித்துத்தான் அனுமதி வந்தது. இன்சுலின் பெட்டிகளைத் தனியே பிரித்து, ஒட்டுச்சீட்டு ஒட்டி, தயாரித்த கம்பெனியிடம் கேட்டாள். பயன்படுத்தக் கூடாது என்று பதில். ஏன் முன்பே சொல்லவில்லை என்று தலைமை அலுவலகம் கேட்டது. அவள் வேலை போகும் என்று கிடங்கே பேசிக்கொண்டது.

பட்ட சூட்டில் மறுநாள் மெக்கானிக்குக்கு எழுதினாள்: 'கதவு சரியில்லை. வரவும்.'

அவர் போனில் எகிறினார். "ஏம்மா, நான் என்ன உங்க வேலையாளா?"

எனக்கே எரிச்சல். இவளுக்கு நடுவழியே கிடையாதா? கொஞ்சம் யோசித்து மறுபடி எழுதினாள்: 'அண்ணே, குளிர் அறைக் கதவு சரியாக மூடவில்லை, குளிர் கசிகிறது. பன்னிரண்டுக்குள் வர முடியுமா? போன மாதம் நீங்கள் மாற்றிய மோட்டார் நன்றாக ஓடுகிறது.' பதினொன்றரைக்கே வந்து நின்றார்.

சாயங்காலம் மேலாளர் அவளைக் கூப்பிட்டார். தலைமை அலுவலகத்துக்கு அவர் எழுதிய விளக்கம், ஒரு பக்கம். 'தவறாக நினைக்க வேண்டாம்', 'ஒருவகையில் பார்த்தால்', 'ஓரளவு தகவல் வந்திருக்கக்கூடும்', நாலு 'மன்னிக்கவும்'. அவள் அனுப்பிய எச்சரிக்கையை அதில் எங்கே தேடினாலும் கிடைக்காது.

"நீங்க கொஞ்சம் சுருக்கிக் குடுங்க" என்றார்.

பேனாவை எடுத்தவள் வெட்டு வெட்டென்று வெட்டி, விட்டுப்போனதை இடையில் எழுதினாள். நான் எட்டிப் பார்த்தேன். கடைசியில் இருந்தது இவ்வளவுதான்: 'காலை 9.10க்கு எச்சரிக்கை எனக்கு வந்தது. நான் முழுதாகப் படிக்கவில்லை. மன்னிக்கவும். இனி டிகிரியும் வேண்டிய அனுமதியும் முதல் வரியிலேயே வரும். அனுமதி உடனே கிடைக்கும்.'

மேலாளர் இரண்டு முறை படித்தார். மன்னிக்கவும் என்ற சொல்லில் விரல் வைத்தார்.

"எல்லாத்தையும் எடுத்துட்டீங்க. இதை மட்டும் விட்டுட்டீங்களே?"

"அது வேணும் சார்" என்றாள். "நாலு மணி நேரம் ஆச்சுல்ல."