மருதாள் தாளைத் தலைகீழாகத் திருப்பினார்

பனியன் கம்பெனி செக்கிங் பிரிவில் இருபத்தோரு வருடமாகத் தையல் பிசகு பிடித்துவரும் மருதாளின் பெருமைகளில், அன்று அவர் ஒரு கல்யாணப் பேச்சையே பிசகாமல் காத்தது முதன்மையானது.

நெருப்பெரிச்சல் என்ற ஊரில், அதே கம்பெனியின் கட்டிங் மாஸ்டர் ஈஸ்வரமூர்த்தியின் மகள் ஜெயபாரதியைப் பெண் பார்க்க, கரூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்துகொண்டிருந்தார்கள். ஞாயிறு நாலரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும்; அதற்குள் வாசல் ஏறவேண்டும். கூகுள் வரைபடமோ எல்லோரையும் ஒரு சாயப்பட்டறை மதில்சுவரோடு நிறுத்திவிடும். ஆகவே மாஸ்டர் தாமே வழி வரைந்து, பக்கத்தில் விவரமும் எழுதி, போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார்.

மணி நாலு. போன் அடித்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா சாமியப்பன்.

"ஏனுங்க, கோயில்ல வலதுன்னு போட்டிருக்கீங்க. திரும்பி ரெண்டு கிலோமீட்டர் வந்துட்டோம். தண்ணி டேங்க்கும் காணோம், ஊடும் காணோம்!"

மாஸ்டர் தாம் வரைந்த தாளை எடுத்து விரித்தார். உதவிக்கு வந்து அடுப்படியில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த மருதாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தாளை வாங்கி வாசித்தார். "டேங்க்கில் இடது. கோயிலில் வலது. பெட்ரோல் பங்க்."

"மாஸ்டர், இது உங்க ஊட்ல இருந்து பங்க்குக்குப் போற வழிங்க. அவுங்க பங்க்குல இருந்தல்லோ வாராங்க!"

"நான் நிக்கற எடத்துல இருந்துதானக்கா கோடு போட்டுப் பழக்கம்."

"துணிக்குச் சரிங்க. விருந்தாளிக்கு?"

மருதாள் தாளைத் தலைகீழாகத் திருப்பினார். அடியில் இருந்த வீடு மேலே போய், மேலே இருந்த பங்க் அடிக்கு வந்தது. விரலை அங்கே வைத்து, கார் ஓட்டுவதுபோல் நகர்த்தினார். கோயிலில் விரல் இடது பக்கம் போனது. டேங்க்கில் வலது பக்கம். அடையாளத்துக்கு மாஸ்டர் வரைந்திருந்த டீக்கடையை விட்டுவிட்டார்: ஞாயிறு லீவு. தெருவில் நிற்பதாக வரைந்திருந்த வேனையும் விட்டார்: அது சவாரி போயிருந்தது.

போனைக் கையில் வாங்கினார். "சாமி, கோயில்ல இடதுதான் சரிங்க. வண்டியத் திருப்பி வந்த வழியே கோயிலுக்கு வாங்க. அங்க எங்கியும் திரும்பாதீங்க, நேராப் போங்க."

"இடதுதான சரின்னீங்க?"

"பங்க்குல இருந்து வந்தா இடதுங்க. நீங்க எதுத்தாப்புல இருந்தல்லோ வாரீங்க. உங்களுக்கு அது நேருங்க."

ஐந்து நிமிடம் ஒரு குடும்பத்தின் எதிர்காலம் அந்தக் காரில் ஓடியது.

"கோயில் தாண்டியாச்சு. டேங்க் தெரியுது."

"அதுல வலதுங்க. அப்பறம் இடது கைப்பக்கம் பச்சை கேட்டு. மறுபடி டேங்க் தெரிஞ்சா, நீங்களும் எங்க மாஸ்டர் மாதிரி தலைகீழா வாரீங்கன்னு அர்த்தம்!"

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. நாலு இருபத்தாறுக்குக் கார் வாசலில் நின்றது. வலது காலை எடுத்துவைத்து உள்ளே வந்த சாமியப்பன், பெண்ணைக்கூடப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதுபோல் கூடத்தில் யாரையோ தேடினார்.

"போன்ல பேசுன அம்மா யாருங்க? சொந்தமுங்களா?"

"எங்க கம்பெனி செக்கிங்ல இருக்கறவங்க," என்றார் மாஸ்டர்.

"அவுங்களையும் இப்படி வந்து உக்காரச் சொல்லுங்க. ரெண்டு பக்கத்துப் பேச்சும் புரியற ஆளு ஒருத்தர் நடுவுல வேணும்."

மாவு ஒட்டிய முந்தானையோடு மருதாள் நடு நாற்காலியில் அமர்ந்தார்.