ஒன்றும் இல்லாத நாளின் ஒரு வரி

ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் மென்பொருள் பிரிவில் வேலை செய்கிறேன். ஒருவர் எழுதிய நிரல் மாற்றத்தை இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் அது உற்பத்தி லைனுக்குப் போகும். அப்படிப் பார்க்கச் சொல்லும் கோரிக்கைக்குப் புல் ரிக்வெஸ்ட் என்று பெயர். யாரும் எடுக்காமல் கிடப்பவற்றைக் காலை எட்டரைக்கு எங்கள் குழுவுக்கு அனுப்பும் ரிப்போர்ட் நான் எழுதியது. ஒன்றும் கிடக்கவில்லையென்றால் அது வாயே திறக்காது. சும்மா எதற்குத் தொல்லை என்று நான்தான் அப்படி வைத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் வேறு.

அந்த வாரம் திங்கள் முதல் அது பேசவில்லை. நிம்மதியாக டீ குடித்தோம்.

வியாழன் காலை மேலாளர் ஒரு பெண்ணை நிற்கவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பர்கூரிலிருந்து வருபவள், இன்னும் பணி நிரந்தரமாகாதவள். போல்ட் முறுக்கும் கருவி, தளர்ந்த போல்ட்டையும் சரி என்று காட்டிக்கொண்டிருந்தது. அதைத் திருத்துவது அவள் பொறுப்பு. பதினோரு மணிக்கு வாடிக்கையாளர்கள் ஆய்வுக்கு வருகிறார்கள், லைனில் பழைய நிரலே ஓடுகிறது. மேலாளர் கோபம் வந்தால் கன்னடத்துக்கு மாறிவிடுவார். அன்று தமிழிலேயே மெதுவாகப் பேசினார். அது கோபத்தைவிட மோசம்.

"நீ முடிக்கலன்னு எழுதிடட்டுமா?"

"திங்கக்கிழமையே போட்டுட்டேன் சார். ரிப்போர்ட்ல வரல. யாரோ எடுத்துப் பாக்கறாங்கன்னு நெனச்சேன்."

நான் அவசரமாக ரிப்போர்ட் ஓடிய பதிவேட்டைத் திறந்தேன். ரிப்போர்ட் சர்வருக்குள் நுழையும் அனுமதிச் சாவி ஞாயிறன்றே காலாவதியாகியிருந்தது. சர்வர் மூன்று நாளும், அன்று காலையும், கதவை அடைத்திருக்கிறது. என் நிரலோ அந்த மறுப்பை வெற்றுப் பட்டியல் என்று எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறது. எனக்கு மட்டுமே தெரியும். சாவியைப் புதுப்பித்துவிட்டு நானும் பேசாமல் இருக்கலாம். ஒரு நிமிடம் அப்படி நினைத்தேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது.

"தப்பு என்னோடது சார்" என்றேன்.

அவர் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார், கன்னடத்தில். அவள் மாற்றத்தை நானே உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்தேன். சோதனை ஓட்டமும் முடிந்து பத்தே முக்காலுக்கு லைனில் ஏறியது. அவள் பெயரில் எதுவும் எழுதப்படவில்லை.

இனி தினமும் 'ஒன்றும் இல்லை' என்று போடச் சொன்னார் மேலாளர். யோசித்தால், அந்த நான்கு நாளும் அந்த வரியும் பொய்யைத்தான் சொல்லியிருக்கும். அதனால் எந்தெந்த ரெப்போவை, அதாவது நிரல் கிடங்கை, பார்த்தது என்றும் சொல்ல வைத்தேன். பார்க்க முடியாவிட்டால், முடியவில்லை என்றே வரும்.

அடுத்த திங்கள் ரிப்போர்ட் வந்தது: "ஆறு ரெப்போ பார்த்தாயிற்று. திறந்திருப்பவை நான்கு. நான்கையும் ஆள் எடுத்தாயிற்று. இன்று யாரும் எதுவும் செய்ய வேண்டாம்."

அவள் என் மேஜைக்கு வந்தாள்.

"நெஜமாவே பாத்துச்சாண்ணா?"

கோரிக்கைகளின் பட்டியலை எடுத்துத் திரையை அவள் பக்கம் திருப்பினேன். விரல் வைத்து எண்ணினாள். நான்குதான். இன்னொரு முறையும் எண்ணிவிட்டுப் போனாள்.