பால் கவர் காய்ந்த கயிறு

கொச்சியில் மட்டாஞ்சேரிப் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்த நாட்களை நினைத்தால், சோற்று வாசத்துக்கு முன்னால் புளித்த பால் வாசம்தான் எனக்கு வரும். பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சியதும் காலிக் கவர்களை அப்படியே சாக்கில் போட்டுவிடுவோம். பிளாஸ்டிக் எடுக்க மாதம் ஒருமுறை வரும் பெண்கள், அழுக்குக் கவர் வேண்டாமென்று சாக்கைத் திருப்பிவிடுவார்கள். அது என் அடுக்களைக்குப் பின்னால் கிடந்து நாறும்.

அந்தச் சமயத்தில் ஒரு டீச்சர், பள்ளிக்கு மறுசுழற்சித் திட்டம் வேண்டுமென்று அறிக்கை எழுதினார். அவரும் தமிழ் வீட்டுப் பெண். மலையாளம் எனக்குச் சரியாக வாசிக்க வராது என்பதால், ஹெட்மிஸ்ட்ரஸிடம் கொடுக்கும் முன் தமிழில் சொல்லிக் காட்டினார். நோக்கம், இப்போதைய நிலை, பரிந்துரைகள் என்று தலைப்புகள் இருந்தன. ஒவ்வொரு மாடிக்கும் மூன்று குப்பைத் தொட்டி கேட்டிருந்தார். கழுவுவதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இப்படியே போனால் சாக்கு என்னிடமே திரும்பும் என்று எனக்குத் தெரிந்தது.

"என்ன சேச்சி, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"கழுவிக் காயப் போடாம எந்தத் தொட்டியில போட்டாலும் அவங்க எடுக்க மாட்டாங்க டீச்சரே."

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "அதுக்குத் தலைப்பு என்ன போடட்டும்?"

"கழுவாட்டி நாறும்னு போடுங்க."

'சேகரிப்புக்கு முன் சுத்தம் செய்தல்' என்று போட்டார். அதன் கீழே, அடுக்களைக்குப் பின்னால் ஒரு கயிறும் கிளிப்புகளும் வேண்டும் என்று எழுதினார். கயிறு வந்த மாதம் சாக்கு திரும்பி வரவில்லை.

இன்றும் வீட்டில் பால் கவரைக் கழுவிக் கிளிப் போடும்போது அந்தச் சிரிப்பு காதில் கேட்கிறது.