இருபது பக்கத்தைப் பத்தாக்கியவள்

அண்ணன் எடுத்த மூன்று குறும்படங்களையும் எழுதியது தங்கைதான். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை. நோயாளிகள் வராத நேரத்தில் எழுத்து. மூன்றிலும் 'எழுத்து, இயக்கம்' என்று வந்தது அவன் பேர். கேட்டால், குடும்பத்துக்குள்ளே என்ன உன் பேர் என் பேர் என்பான். அவளுக்கு எரிச்சல் வரும், ஆனாலும் அடுத்த கதையை எழுதித் தருவாள்.

நாலாவது கதை இருபது பக்கம். தையற்கூடத்துப் பெண் வரையும் உடை மாதிரிகளை மேலாளர் தன்னுடையதென்று காட்டிப் பேர் வாங்குகிறான். அவளுடைய அண்ணன் ஆறுதல் சொல்கிறான். பத்து நிமிடப் படம், பக்கத்துக்கு ஒரு நிமிடம், வெள்ளிக்கிழமைக்குள் பத்துப் பக்கம் வராவிட்டால் வேறு கதைதான் என்றுவிட்டார் தயாரிப்பாளர்.

அண்ணன் எழுத்தைப் பொடியாக்கி, ஓரத்தைக் குறுக்கி, பத்தில் அடைத்து அனுப்பினான். குட்டு வெளிப்பட்டுத் திரும்பி வந்தது. அடுத்து, யார் என்ன செய்கிறார்கள் என்ற வரிகளையெல்லாம் அடித்தான். மிஞ்சியது வெறும் வசனம். எங்கே நின்று யார் பேசுகிறார்கள் என்றே புரியவில்லை. வியாழன் காலை பழைய இருபது பக்கத் தாள்கட்டை அவள் மேசையில் போட்டான்.

"நீயே பாத்துக்கோ. உனக்கு இதெல்லாம் அஞ்சு நிமிஷம்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பார்க்காமல் கதையை ஒரே வரியில் எழுதினாள்: தன் வேலையைத் திருடியவனிடம் ஒருத்தி அதைத் திருப்பிக் கேட்கிறாள். பிறகு காட்சிக்கு ஒரு வரி, அதில் என்ன மாறுகிறது என்று. எதுவும் மாறாத ஐந்து காட்சிகள் போயின. மிஞ்சியவற்றில் வாங்க, உட்காருங்க எல்லாம் போய், சண்டை சூடேறிய இடத்தில் காட்சி தொடங்கியது. அவள் உயிரைக் கொடுத்து எழுதிய ஒன்றரைப் பக்கக் குமுறலும் போனது. அதற்குப் பதில் நாயகி அவன் கையிலிருந்து மாதிரித்தாளைப் பிடுங்குகிறாள், அவ்வளவுதான்.

அப்படியும் பதினொன்றரைப் பக்கம். இனி ஆளைக் குறைக்க வேண்டும். கதையில் ஒரே வேலையைச் செய்யும் இருவரை ஒருவராக்கலாம். மேலாளர், "கொஞ்சம் பொறு" என்கிறான். கதையில் வரும் அண்ணனும் அதையேதான் சொல்கிறான். மேலாளரை எடுத்துவிட்டுத் திருட்டையும் அந்த அண்ணனிடமே கொடுத்தாள், சரியாகப் பத்து. படித்துப் பார்த்தபோது அவள்மீதே அவளுக்கு ஆத்திரம் வந்தது. தன் அண்ணனைக் காப்பாற்றத்தானே முன்பின் தெரியாத ஒருவனைத் திருடனாக்கி வைத்திருந்தாள்!

வெள்ளி மதியம் அண்ணன் மேசை முன் நின்றபடியே படித்தான்.

"மேலாளர் எங்க? அண்ணனே திருடுறானா?"

"ஆமா."

"இது நான்தானே?"

"இருபது பக்கத்துல உன்ன ஒளிச்சு வைக்க எடம் இருந்துச்சு. பத்துல இல்ல."

மேலாளரைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னான். வந்தால் பக்கம் ஏறும், எடுக்கமாட்டார்கள் என்றாள். அவன் முதல் தாளைப் புரட்டினான். எழுத்து என்ற இடத்தில் அவள் பேர் இருந்தது. பேனா கேட்டுக் கையை நீட்டினான்.

"எதுக்கு? அது உனக்குப் படிக்கக் குடுத்த பிரதி. தயாரிப்பாளருக்குக் காலையிலயே அனுப்பிட்டேன்."